முன்பணமாக எடுத்த ஒரு 0: யூனரி எண்களைக் கழிக்கும் டேப் மெஷின்

கேள்வி: யூனரியில் எழுதிய இரண்டு எண்களைக் கழிக்கும் டியூரிங் மெஷினில் q4 நிலை கடைசியில் ஒரு 0 எழுதுவது எதற்கு? அழிப்பதுதானே அதன் வேலை, ஏன் திரும்ப எழுதுகிறது? முதல் எண் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு ஓட்டத்தை அடி அடியாகக் காட்டினால் நன்றாக இருக்கும்.

பதில்:

ஒவ்வொரு சுற்றிலும் மெஷின் முதல் எண்ணிலிருந்து ஒரு 0-ஐ முன்பணம் மாதிரி எடுத்துவிடுகிறது. அதற்கு ஈடாக இரண்டாம் எண்ணில் ஒரு 0 இருக்கிறதா என்று அதன் பிறகுதான் போய்ப் பார்க்கிறது. இருந்தால் கணக்கு நேர். இல்லையென்றால் எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும். q4 எழுதும் 0 அதுதான். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஆனால் ஓட்டத்தைக் கையால் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் இது மனதில் நிற்காது என்பது என் அனுபவம்.

முதலில் எதைக் கணக்கிடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இயல் எண்களுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்றால் சாதாரணக் கழித்தல் உதவாது. 1-லிருந்து 2-ஐக் கழித்தால் −1 வந்து வெளியே போய்விடும். அதனால் m ≥ n என்றால் விடை m − n, இல்லையென்றால் விடை 0 என்று வைத்துக்கொள்கிறோம். இதைத்தான் ப்ராப்பர் சப்ட்ராக்‌ஷன் என்கிறார்கள், மோனஸ் என்றும் சொல்வதுண்டு. கழித்தல் குறிக்கு மேலே ஒரு புள்ளி வைத்து m ∸ n என்று எழுதுவது வழக்கம். கடையில் பத்து ரூபாய் வைத்திருப்பவரிடம் பதினைந்து ரூபாய் கேட்டால் பத்தையும் கொடுத்துவிட்டுக் கைவிரிப்பாரே, அந்தக் கணக்கு. கடன் நோட்டு கிடையாது.

டேப்பில் m என்ற எண்ணை m தடவை 0 எழுதிக் காட்டுகிறோம். பிறகு நடுவில் ஒரு 1. அதற்கு அப்புறம் n தடவை 0. ஆக 3 ∸ 1 என்பது டேப்பில் `00010` என்று இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து எழுதும் ஹெட் இடது ஓரத்து முதல் கட்டத்தில், q0 நிலையில் நிற்கிறது. B என்றால் வெற்றுக்கட்டம். முடியும்போது விடை எத்தனையோ அத்தனை 0 மட்டும் டேப்பில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் வெற்றாக இருக்க வேண்டும். விடை 0 என்றால் டேப் முழுக்கக் காலி. "0 என்ற குறி இருந்தால் எண் ஒன்று, எதுவுமே இல்லாவிட்டால் எண் பூஜ்யம்" என்பது முதலில் கொஞ்சம் குழப்பும், பழகிவிடும்.

பாடங்களில் வழக்கமாகத் தரப்படும் மெஷின் இது. ஒவ்வொரு இடத்திலும் புது நிலை, எழுத வேண்டிய குறி, நகரும் திசை என்ற வரிசை; R என்றால் வலப்பக்கம், L என்றால் இடப்பக்கம்:

```
       0         1         B
q0   q1,B,R    q5,B,R     -
q1   q1,0,R    q2,1,R     -
q2   q3,1,L    q2,1,R    q4,B,L
q3   q3,0,L    q3,1,L    q0,B,R
q4   q4,0,L    q4,B,L    q6,0,R
q5   q5,B,R    q5,B,R    q6,B,R
q6   (நிற்கும்)
```

இதைப் பேச்சுவழக்கில் சொன்னால் இப்படி வரும். q0 முதல் எண்ணின் இடது ஓர 0-ஐ அழிக்கிறது. q1 மீதி 0-களைத் தாண்டி நடுவிலுள்ள 1-ஐ நோக்கி ஓடுகிறது. 1-ஐத் தாண்டியதும் q2. இது இரண்டாம் எண்ணில் இன்னும் கணக்குத் தீராத ஒரு 0-ஐத் தேடுகிறது. கிடைத்தால் அதை 1 ஆக்கிவிட்டு q3 ஆகத் திரும்புகிறது. q3 இடப்பக்கம் ஓடி, முன்பு அழித்த வெற்றுக்கட்டத்தில் முட்டி, ஒரு அடி வலப்பக்கம் வந்து மறுபடி q0 ஆகிறது. இது ஒரு சுற்று.

இதில் ஒரு சிக்கனம் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் எண்ணில் கணக்குத் தீர்த்த 0-ஐ அடித்துக்காட்ட X மாதிரி தனிக் குறி ஒன்று வைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக நடுவிலிருக்கும் அதே 1-ஐத்தான் பயன்படுத்துகிறார்கள். இதனால் எல்லைக்கல் ஒன்று, வலப்பக்கமாக நீண்டு நீண்டு ஒரு சுவராகிறது. i சுற்றுகள் முடிந்து q0-வுக்கு வரும்போது டேப்பில் எப்போதும் இதுதான் இருக்கும்: i வெற்றுக்கட்டங்கள், m − i தடவை 0, பிறகு i + 1 தடவை 1, பிறகு n − i தடவை 0. ஓட்டத்தைப் போடும்போது எங்கேயாவது சந்தேகம் வந்தால் q0 வரும் வரிகளை மட்டும் எடுத்து இந்த வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு எந்தச் சுற்றில் நுழைந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

சரி, 3 ∸ 1. ஹெட் நிற்கும் கட்டத்துக்கு முன்னால் நிலையை அடைப்புக்குள் எழுதுகிறேன். முதல் சுற்று:

```
 0   [q0]00010
 1   B[q1]0010
 2   B0[q1]010
 3   B00[q1]10
 4   B001[q2]0
 5   B00[q3]11
 6   B0[q3]011
 7   B[q3]0011
 8   [q3]B0011
 9   B[q0]0011
```

முதல் அடியிலேயே இடது ஓரத்து 0 போய்விட்டது. நான்காம் வரியில் q2 ஒரு 0-ஐப் பார்க்கிறது, அது இரண்டாம் எண்ணின் ஒரே ஒரு 0. அது 1 ஆகி, ஐந்தாம் வரியில் இரண்டு 1-கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எட்டாம் வரியில் q3 முதல் கட்டத்தின் மேல் நிற்பதைக் கவனியுங்கள். அங்கே B இருப்பது நாமே முதல் அடியில் அழித்ததால்தான். அந்த B இல்லாவிட்டால் எங்கே திரும்புவது என்று q3-க்குத் தெரியாது. இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

ஒன்பதாம் வரியில் நிலைமை என்ன? முதல் எண்ணில் 2 மீதி, இரண்டாம் எண்ணில் ஒன்றும் இல்லை. நம் கண்ணுக்கு விடை அப்போதே தெரிகிறது. மெஷினுக்குத் தெரியாது, அதற்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் கண்ணில் படும். அதனால் வழக்கம்போல இன்னொரு 0-ஐ எடுத்துக்கொண்டு கிளம்புகிறது:

```
 9   B[q0]0011
10   BB[q1]011
11   BB0[q1]11
12   BB01[q2]1
13   BB011[q2]B
14   BB01[q4]1
15   BB0[q4]1B
16   BB[q4]0BB
17   B[q4]B0BB
18   B0[q6]0BB
```

பத்தாம் வரியில் எடுத்த அந்த 0-தான் முன்பணம். பதின்மூன்றாம் வரியில் q2 சுவர் முழுவதையும் தாண்டி வெற்றுக்கட்டத்தில் முட்டுகிறது. ஈடாகக் கொடுக்க இரண்டாம் எண்ணில் 0 இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. உடனே q4 ஆகிறது. q4 இடப்பக்கம் நடந்துகொண்டே வழியிலுள்ள 1-களை எல்லாம் அழிக்கிறது, 0-களைத் தொடாமல் விடுகிறது. பதினேழாம் வரியில் ஒரு வெற்றுக்கட்டத்தில் போய் நிற்கிறது. இது எந்தக் கட்டம்? பத்தாம் வரியில் அழித்தோமே, அதே கட்டம். அங்கே 0 எழுதி q6 ஆகி நிற்கிறது. டேப்பில் இரண்டு 0. விடை 2.

இங்கே 0 எழுதாமல் B-ஐயே விட்டிருந்தால் டேப்பில் ஒரே ஒரு 0, அதாவது 3 ∸ 1 = 1 என்று வந்திருக்கும். m > n ஆக இருக்கும் எல்லாக் கணக்கிலும் விடை ஒன்று குறையும்.

நான் படித்த காலத்தில் இதே தப்பைப் பரீட்சையிலேயே செய்திருக்கிறேன். q4-ஐ "மீதிக் குப்பையைக் கூட்டுவது" என்று மட்டும் புரிந்துகொண்டு, B வந்ததும் B எழுதி நிறுத்திவிட்டேன். சரிபார்க்க 1 ∸ 1 போட்டேன், 0 வந்தது, திருப்தியாக அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். m = n ஆக இருந்தால் ஓட்டம் q4 பக்கமே போகாது என்பது அப்போது உறைக்கவில்லை. அதன் பிறகு புளியங்கொட்டைதான். கோடு போட்ட நோட்டுத்தாளை நீளமாக வைத்து, கட்டத்துக்கு ஒரு கொட்டை, எல்லைக்குக் குச்சி, ஹெட்டுக்கு விரல். எடுத்த கொட்டை கையிலேயே இருக்கும். Q4 முடியும்போது அதை எங்கே வைப்பது என்று கை தானாகக் கேட்கும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, முதல் எண் சின்னதாக இருந்தால். 1 ∸ 2 எடுத்துக்கொள்வோம், டேப்பில் `0100`:

```
 0   [q0]0100
 1   B[q1]100
 2   B1[q2]00
 3   B[q3]110
 4   [q3]B110
 5   B[q0]110
 6   BB[q5]10
 7   BBB[q5]0
 8   BBBB[q5]B
 9   BBBBB[q6]B
```

ஐந்தாம் வரியில் q0 அடுத்த 0-ஐ எடுக்கப் பார்க்கிறது, ஆனால் அதன் முன்னால் இருப்பது 1. எடுக்க முதல் எண்ணில் ஒன்றும் மிச்சமில்லை. முன்பணம் எடுக்கவே இல்லை என்பதால் திருப்பித்தர வேண்டியதும் இல்லை. விடை எப்படியும் 0. q5 வலப்பக்கம் போய்க்கொண்டே 0, 1 என்று பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நிற்கிறது. m = n ஆக இருக்கும்போதும் இந்த வழிதான்; துடைக்க வெறும் 1-கள் மட்டும் இருக்கும், அவ்வளவே.

இந்த ஓட்டத்தில் ஏழாம் வரியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். டேப்பில் ஒரே ஒரு 0 இருக்கிறது. q5-க்கு 0 வந்தால் என்ன செய்வது என்று அட்டவணையில் எழுத மறந்திருந்தால் மெஷின் இங்கேயே நின்றுவிடும். டேப்பை மட்டும் பார்க்கிறவர் "விடை 1" என்று படித்துவிட்டுப் போவார். நின்றதா என்று மட்டும் பார்க்காமல் q6-இல் நின்றதா என்று பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இதிலேயே வேடிக்கையான இன்னொன்றும் இருக்கிறது. அந்த இடத்தில் வேண்டுமென்றே q6,0,R என்று எழுதினால், q5 1-களை மட்டும் துடைத்துவிட்டு n − m தடவை 0-ஐ அப்படியே விட்டு நிற்கும். அப்போது மெஷின் கணக்கிடுவது |m − n|. ஒரே ஒரு கட்டத்தை மாற்றியதற்கு முழுக்க வேறொரு சார்பு கிடைக்கிறது.

சரி, இந்த முன்பணத் தொல்லையே எதற்கு? இரண்டாம் எண்ணில் 0 இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் முதல் எண்ணில் கைவைத்தால் என்ன? நியாயமான யோசனை. அப்படிச் செய்தால் இரண்டாம் எண் தீர்ந்ததும் முதல் எண் தொடப்படாமல் சரியாக m − n ஆக இருக்கும், திருப்பி எழுதும் வேலை இல்லை. ஆனால் முதல் சுற்றில் ஹெட் வலப்பக்கம் போய்விட்டு, முதல் எண்ணின் இடது ஓரத்தைத் தேடித் திரும்பும்போது அங்கே B எதுவும் இருக்காது. டேப் இரண்டு பக்கமும் முடிவில்லாதது என்றால் பரவாயில்லை, முதல் கட்டத்துக்கும் இடப்பக்கம் ஒரு வெற்றுக்கட்டம் கிடைக்கும். டேப் இடப்பக்கம் மூடியது என்று வைத்துக்கொண்டால் ஹெட் ஓரத்தைத் தாண்டி விழுந்துவிடும். முதலில் அழிப்பது, எடுப்பது என்ற வேலையோடு எல்லைக்கல் நடும் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. மேலே போட்ட இரண்டு ஓட்டத்திலும் ஹெட் முதல் கட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எந்த m, n கொடுத்தாலும் போகாது. திருப்பி எழுதுவதற்குத் தனி நிலையும் தேவைப்படவில்லை. Q4 எங்கே நிற்பது என்று எப்படியும் ஒரு விதி வேண்டும், அந்த விதியிலேயே 0 எழுதுவதையும் சேர்த்துவிட்டார்கள். என் பார்வையில் இந்த மெஷினில் மிக அழகான இடம் இதுதான்.

எத்தனை அடி ஆகும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு எப்போதும் 2m + 3 அடி. சுற்று போகப் போக முதல் எண் குறைந்தாலும் சுவர் அதே அளவு நீள்வதால் தூரம் மாறுவதில்லை. q4 வரும் கடைசிச் சுற்றும் அதே 2m + 3-தான். ஆகவே m > n என்றால் மொத்தம் (n + 1)(2m + 3). 3 ∸ 1-க்கு 2 × 9 = 18, மேலே வந்தது அதுவே. m ≤ n என்றால் m(2m + 3) + n + 2; 1 ∸ 2-க்கு 5 + 4 = 9. 100 ∸ 50 போட 10,353 அடி ஆகும், கையால் போடாதீர்கள். உங்கள் ஓட்டத்தில் அடிகளின் எண்ணிக்கை இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு வரியை விட்டிருக்கிறீர்கள் அல்லது இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள்.

இந்த மெஷினை இன்னொரு மெஷினோடு கோக்க நினைத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. விடை முதல் கட்டத்தில் தொடங்காது, n + 1-ஆம் கட்டத்தில் தொடங்கும். ஹெட்டும் விடையின் முதல் 0-இன் மேல் நிற்காது, அதற்கு அடுத்த கட்டத்தில் நிற்கும். பதினெட்டாம் வரியில் பாருங்கள், q6 நிற்பது இரண்டாவது 0-இன் மேல். அடுத்த மெஷின் இடது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றால் ஒரு அடி இடப்பக்கம் நகர்த்திக் கொடுக்க வேண்டும்.

நீங்களே எழுதிய அட்டவணையைச் சோதிக்க 1 ∸ 1 போதாது, அது என்னை ஏமாற்றியது போல உங்களையும் ஏமாற்றும். 3 ∸ 1 போட்டால் q4-இல் உள்ள தப்பும், q2-க்கு 1 வந்தால் தாண்ட வேண்டும் என்பதை விட்டிருந்தால் அதுவும் அகப்படும். பின்னதில் மெஷின் பன்னிரண்டாம் வரியில் q2-இலேயே நின்றுபோகும். 1 ∸ 2 போட்டால் q5 அகப்படும். 2 ∸ 0 போட்டால் முதல் சுற்றே q4-க்குப் போய் இரண்டு 0-ஐ அப்படியே திருப்பித் தர வேண்டும், 7 அடியில். கடைசியாக 0 ∸ 0: டேப்பில் ஒற்றை `1` மட்டும். q0 அதை அழித்து q5 ஆகும், q5 வெற்றுக்கட்டத்தைப் பார்த்து q6 ஆகும், இரண்டே அடி.